பால் சங்கப் பதிவேட்டிலிருந்து தரவுப் பகுப்பாய்வு: தொடங்குபவருக்கு ஒரு வழி

கேள்வி: பி.காம் முடித்துவிட்டுப் பாலக்காடு சித்தூர் பக்கம் ஒரு பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். எக்செல் ஓரளவு தெரியும். தரவுப் பகுப்பாய்வு கற்க முதலில் பைத்தானா, எஸ்.க்யூ.எல்லா, பவர் பி.ஐ.யா? எந்த வரிசையில் போவது?

பதில்:

முதலில் எக்செல், அடுத்து எஸ்.க்யூ.எல், பிறகு பைத்தான் என்ற வரிசையே உங்களுக்குப் பொருந்தும். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் கோப்புகளை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் விடை தவறாக வந்தாலும் அது தவறு என்று உங்களுக்குத் தோன்றாது. சங்கத்துக் கணக்கில் ஒரு எண்ணைப் பார்த்ததுமே அது நடக்கக்கூடியதா இல்லையா என்று சொல்லிவிடுவீர்கள். செயலாளரிடம் அனுமதி பெற்று, பெயரையும் வங்கிக் கணக்கு எண்ணையும் நீக்கிவிட்டு, உறுப்பினர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஒரே ஆளின் பெயர் ஒரு பட்டியலில் மலையாளத்திலும் இன்னொன்றில் தமிழிலும் வேறொன்றில் ஆங்கிலத்திலும் இருக்கும் என்பதால், பெயரை நம்பிப் பட்டியல்களை இணைக்கவே முடியாது.

அந்தப் பதிவேட்டிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: காலைப் பாலைவிட மாலைப் பாலில் கொழுப்பு எவ்வளவு அதிகம்? இரவு இடைவெளி நீளம் என்பதால் காலையில் பால் கூடுதலாகவும் கொழுப்பு குறைவாகவும் இருப்பது வழக்கம். விடை எந்தத் திசையில் வர வேண்டும் என்பது முன்பே தெரிந்திருப்பதால், கற்கத் தொடங்குபவருக்கு இது நல்ல கேள்வி.

கணக்கைத் தொடங்கும் முன் உங்கள் தாளில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வரிசையில் ஓர் உறுப்பினரும், அவருக்கு எதிரே முப்பது நாள் காலை, மாலை அளவுகளும் பக்கவாட்டில் நீண்டு கிடக்கும். கண்ணால் படிக்க அது வசதி, பகுப்பாய்வுக்கு உதவாது. ஓர் உறுப்பினர், ஒரு நாள், ஒரு வேளை ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு வரிசை என்று மாற்றி அமையுங்கள். உறுப்பினர் எண், தேதி, வேளை, லிட்டர், கொழுப்பு என்று ஐந்து பத்திகள் போதும். இருநூறு பேர் உள்ள சங்கத்தில் எல்லோரும் இரண்டு வேளையும் ஊற்றினால் ஓர் ஆண்டுக்கு 1,46,000 வரிசைகள் வரும். எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிசைகளைத் தாங்கும் என்பதால் இடத்தைப் பற்றிய கவலை வேண்டாம்.

அடுத்த சிக்கல் தேதியில் வரும். கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால், மார்ச் ஐந்தாம் தேதியை ஆண்டோடு சேர்த்து 05/03/2026 என்று நீங்கள் தட்டும்போது அது மே மூன்றாம் தேதியாகப் பதிவாகிவிடும். 13/03/2026 என்று தட்டினால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால், அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இதனால் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள் சத்தமில்லாமல் பல மாதங்களுக்குச் சிதறிவிடும். மற்ற நாட்கள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். மாதவாரியாக ஒரு பிவட் டேபிள் போட்டதும், இன்னும் பிறக்காத மாதங்களில் பால் ஊற்றியதாகக் காட்டினால் காரணம் இதுதான். சரிசெய்தபின் மொத்த லிட்டரைச் சங்கத்தின் மாதாந்திர அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அது பொருந்தும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இப்போது சராசரிக்கு வருவோம். புதிதாகக் கற்பவர் கொழுப்புப் பத்திக்கு `AVERAGE` போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஒருவர் 10 லிட்டர் பாலை 3.8 கொழுப்போடும் மற்றொருவர் 2 லிட்டரை 5.0 கொழுப்போடும் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், எளிய சராசரி 4.4 வரும். ஆனால் இரண்டும் கலந்த கேனில் இருப்பது 12 லிட்டர். அதன் கொழுப்பு 38 உம் 10 உம் சேர்ந்த 48 ஐ 12 ஆல் வகுத்த 4.0 தான். சங்கத்துக்கு வேண்டியது இந்த எடையிட்ட சராசரி. லிட்டர் D பத்தியிலும் கொழுப்பு E பத்தியிலும் இருந்தால் எக்செல்லில் இப்படி எழுதலாம்:

```
=SUMPRODUCT(D2:D20000,E2:E20000)/SUM(D2:D20000)
```

இந்த அளவு கைவந்தபின் எஸ்.க்யூ.எல்லுக்குப் போங்கள். `DB Browser for SQLite` என்ற இலவச மென்பொருள் போதும். சர்வர் எதுவும் வேண்டியதில்லை. எக்செல் தாளை CSV கோப்பாகச் சேமித்து, வேளைக்கு `shift`, லிட்டருக்கு `litre`, கொழுப்புக்கு `fat` என்று பத்திகளுக்குத் தலைப்பு வையுங்கள். அந்தக் கோப்பை `milk` என்ற பெயரில் உள்ளே எடுக்கும்போது `litre`, `fat` ஆகிய பத்திகளின் வகை `REAL` என்று இருப்பதை உறுதிசெய்துகொண்டு, அதே கேள்வியை இங்கும் கேளுங்கள்:

```sql
SELECT shift, COUNT(*),
       SUM(litre * fat) / SUM(litre) AS avg_fat
FROM milk
WHERE fat BETWEEN 2 AND 10
GROUP BY shift;
```

நடுவிலுள்ள `WHERE` வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். பரிசோதனைக் கருவி பழுதான ஒரு வேளையில் 8 லிட்டருக்குக் கொழுப்பு எழுதப்படாமல் போயிருந்தால், மேலே உள்ள எக்செல் சூத்திரமும் இந்த வினவலும் அந்த 8 லிட்டரை வகுக்கும் எண்ணில் சேர்த்துக்கொள்ளும், வகுபடும் எண்ணில் சேர்க்காது. 48 ஐ 20 ஆல் வகுத்து 2.4 என்று விடை வரும். பசும்பாலில் அது வழக்கமான அளவல்ல என்று உங்களுக்குத் தெரியும். மென்பொருளுக்குத் தெரியாது, பிழைச் செய்தியும் காட்டாது. வெற்றிடம், பூஜ்யம், 4.1 க்குப் பதிலாக விழுந்த 41 ஆகிய மூன்றையும் அந்த ஒரு வரி வெளியே நிறுத்திவிடும். எத்தனை வரிசைகள் வெளியேறின என்பதை மட்டும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்; அவை எல்லாம் ஒரே வேளையைச் சேர்ந்தவையாக இருந்தால் உங்கள் ஒப்பீடே சாய்ந்துவிடும்.

எஸ்.க்யூ.எல்லில் அடுத்துக் கற்க வேண்டியது `JOIN`. எந்த ஊரிலிருந்து எவ்வளவு பால் வருகிறது என்று பார்க்க, பால் பட்டியலை உறுப்பினர் பட்டியலோடு இணைக்க வேண்டியிருக்கும். தந்தை இறந்தபின் மகன் பெயரில் அதே எண்ணைத் தொடர்ந்திருந்தால், உறுப்பினர் பட்டியலில் அந்த எண் இரண்டு முறை இருக்கலாம். இணைத்ததும் அந்த வீட்டுப் பால் முழுவதும் இரட்டிப்பாகிவிடும். எக்செல்லின் `VLOOKUP` முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நின்றுவிடுவதால் இந்தக் கோளாறு அங்கே தெரியாமலே இருந்திருக்கும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் `COUNT(*)` பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் தப்பிக்கலாம்.

பவர் பி.ஐ. பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இணைப்பதும் தொகுப்பதும் புரிந்தவருக்கு அதைப் பழக அதிக நாள் ஆகாது. புரியாதவருக்கு அது தவறான எண்ணை அழகான படமாக்கித் தரும்.

பைத்தானுக்கு எப்போது போவது? ஒவ்வொரு மாதமும் அதே தேதித் திருத்தம், அதே வடிகட்டல், அதே இணைப்பு என்று செய்து உங்களுக்கே அலுத்துப்போகும்போது போங்கள். அப்போதும் மொழி முழுவதையும் கற்க வேண்டியதில்லை. பாண்டாஸ் நூலகத்தில் `read_excel`, `groupby`, `merge` ஆகிய மூன்றை வைத்தே இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். முதல் மாதக் கணக்கைப் பைத்தானில் மறுபடி போட்டு, எஸ்.க்யூ.எல் தந்த அதே விடை வருகிறதா என்று பாருங்கள். `merge` எழுதும்போது `validate="many_to_one"` என்பதையும் சேர்த்துவிட்டால், உறுப்பினர் பட்டியலில் ஓர் எண் இரண்டு முறை வரும் மாதத்தில் நிரல் பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும்.