லயத்தில் பத்துக் கதவு: சாத்திரம் பார்ப்பவரிடம் சில கேள்விகள்

அட்டனில் முப்பது வருடமாகச் சாதகக் குறிப்பும் கைரேகையும் பார்ப்பவர் பதில் சொல்கிறார்.

ராகலை, ஆசிரியை: போன மாசம் ஒருத்தர்கிட்ட குறிப்பு பார்த்தேன். "வெளியில சிரிச்சுப் பேசுவீங்க, உள்ளுக்குள்ள யாருக்கும் சொல்லாத ஒரு கவலை இருக்கு"ன்னு சொன்னார். கண்ணு கலங்கிருச்சு. எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சே, எப்படி ஐயா?

டீச்சர், அந்த வசனத்தை நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அதனால் வெட்கத்தோடுதான் பதில் எழுதுகிறேன். அவர் சொன்னது "ஒரு கவலை" என்பது மட்டும்தான். அது என்ன கவலை, யாரைப் பற்றியது, எத்தனை நாளாக இருக்கிறது என்பதையெல்லாம் நீங்கள்தான் மனதுக்குள் நிரப்பினீர்கள். காதில் விழுந்தவுடனே மனம் பழைய நினைவுகளைத் துழாவி, பொருந்துகிற ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பொருந்தாததைத் தேட அதற்குத் தோன்றுவதில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லும்போது "அண்ணன் விஷயத்தை அப்படியே சொல்லிட்டார்" என்று கதை மாறியிருக்கும். அண்ணன் என்ற சொல் அவர் வாயில் வந்திருக்கவே வந்திருக்காது.

1948இல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் "இது உன்னைப் பற்றியது" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.3க்குப் பக்கத்தில் வந்தது. பிறகுதான் உண்மையைச் சொன்னார்: எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். அதிலிருந்த 13 வசனங்களில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. "சில நேரம் கலகலப்பாக இருப்பீர்கள், சில நேரம் ஒதுங்கி இருப்பீர்கள்" என்ற ரகம். இரண்டு பக்கத்தையும் ஒரே வசனத்தில் அடைத்துவிட்டால் யார்தான் தப்ப முடியும்?

அதே ஆசிரியை: ஆனா அவர் பிறந்த நேரத்தை நிமிஷக் கணக்கில கேட்டாரே. பொதுவா சொல்றதுன்னா அது எதுக்கு?

கேட்டதே உங்கள் நம்பிக்கையைக் கூட்டியிருக்கும். 1974இல் ஸ்னைடர் என்ற உளவியலாளர் இதைத்தான் சோதித்தார். எல்லோருக்கும் ஒரே பலன்தான். சிலரிடம் இது பொதுவானது என்று சொல்லப்பட்டது, சிலரிடம் பிறந்த மாதத்தை வைத்து எழுதியது என்று, இன்னும் சிலரிடம் வருடம், மாதம், நாள் எல்லாவற்றையும் வைத்து எழுதியது என்று. எவ்வளவு விவரம் வாங்கினார்களோ அவ்வளவுக்குப் புள்ளியும் ஏறியது. லக்கினம் கணிக்க நிமிடம் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் துல்லியமாகக் கேட்டார் என்பதற்காக அவர் சொன்ன வசனம் துல்லியமாகிவிடாது.

தலவாக்கலை, ஃபோன் கடை வைத்திருப்பவர்: அண்ணே, இதெல்லாம் உடுப்பைப் பார்த்து, கையைப் பார்த்து, பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறக்கிற வித்தைதானே? வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்தா ஒருத்தரும் ஏமாத்த முடியாது.

பாதி சரி, தம்பி. பேச்சுக் கொடுத்துக் கறக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஃபோரர் யாருடைய முகத்தையும் பார்த்துப் படிக்கவில்லை, தாளைத்தான் கொடுத்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் உங்கள் மனம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

நம்ம பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. அது உலகத்துக்கே பொருந்துகிற வசனம் இல்லை, மலைநாட்டுக்குப் பொருந்துகிற வசனம். "தூரத்தில் இருக்கிற ஒருத்தரால் மனக்கஷ்டம்" என்று தோட்டத்திலிருந்து வந்தவரிடம் சொல்லிப் பாருங்கள். கொழும்பில் கடையில் நிற்கிற மகனோ, வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன தங்கச்சியோ இல்லாத லயம் எது? "காணி, வீடு சம்பந்தமா ஒரு இழுபறி" என்றால் ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப்பத்திரம் கிடைக்காமல் காத்திருக்கிற யாரும் தலையாட்டுவார்கள். கொழுந்து எடுக்கிற அம்மாவிடம் "முழங்காலுக்குக் கீழே வலி" என்று சொல்லக் கிரகம் தேவையில்லை. இதையே காலியிலோ மன்னாரிலோ சொன்னால் பாதி தவறும். அதனால் கேட்கிறவருக்கு இது பொதுவான பேச்சாகவே தெரியாது, "என் விஷயம்" என்றே தெரியும்.

இதில் மோசமான பகுதி என்னவென்றால், சொல்கிறவருக்கும் அப்படியே தெரியும். எனக்குத் தெரிந்தது. பத்து வருடம் "என் கைராசி" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பண்டாரவளை, டாரட் சீட்டுப் பார்ப்பவர்: நான் ரெண்டு வருஷமாப் பார்க்கிறேன். யாரையும் ஏமாத்த நினைக்கல. ஆனா வர்றவங்க எல்லாரும் "அப்படியே சரி"ன்னு சொல்றப்ப, சீட்டு சரியாப் பேசுதா, இல்ல நீங்க சொல்ற இந்த விஷயம்தானான்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

தங்கச்சி, "அப்படியே சரி" என்பதை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது ஒன்றையும் நிரூபிக்காது. ரே ஹைமன் என்ற உளவியலாளர் இளவயதில் கைரேகை பார்த்தவர், அதை முழுசாக நம்பவும் செய்தார். ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற மேடைக் கலைஞர் அவரிடம், ரேகை சொல்வதற்கு நேர் எதிராகப் பலன் சொல்லிப் பார் என்றார். சொன்னார். கேட்டவர்கள் முன்பு போலவே வியந்தார்கள். அன்றோடு அவர் நம்பிக்கை போயிற்று.

நான் செய்தது வேறு. நாலைந்து வருடத்துக்கு முன் தெரிந்தவர்கள் ஆறு பேரின் குறிப்பை வாங்கினேன். ஒருவரோடும் பேசாமல் ஆளுக்கு எட்டு வசனம் எழுதினேன். பெயர், வயது, ஆணா பெண்ணா என்று காட்டுகிற சொல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். "மனைவி" என்று ஒரு இடத்தில் விட்டிருந்ததை என் மருமகள்தான் கண்டுபிடித்தாள், அதை விட்டிருந்தால் சோதனையே கெட்டிருக்கும். தாள்களுக்கு எண் போட்டுக் கலைத்து, ஆறையும் ஆறு பேருக்கும் கொடுத்து, "உங்களுடையது எது?" என்று தனித்தனியாகக் கேட்கச் சொன்னேன். கேட்டதும் மருமகள்தான். எந்தத் தாள் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. நான் கேட்டிருந்தால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும்.

இரண்டு பேர் தங்கள் தாளைச் சரியாக எடுத்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் வளாகத்தில் கணிதம் படித்த பக்கத்து வீட்டுப் பையன் கணக்குப் போட்டுக் காட்டினான். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே சராசரியாக ஒருவர் சரியாக எடுப்பார். இரண்டோ அதற்கு மேலோ வருவது நாலு தடவையில் ஒரு தடவை சும்மாவே நடக்கும். நாலு பேர் சரியாக எடுத்திருந்தால்தான் நின்று யோசிக்க வேண்டும், அது குத்துமதிப்பில் நூற்றுக்கு ஒரு தடவைகூட வராது. இதைவிட என்னை உறுத்தியது வேறு. தவறான தாளை எடுத்த நாலு பேரும் அதற்கு ஐந்துக்கு நாலு, ஐந்து என்று புள்ளி போட்டிருந்தார்கள்.

அந்த 48 வசனங்களையும் திரும்ப எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு லயத்தின் பத்துக் கதவையும் தட்டிச் சொல்வதாக நினைத்துப் பார்த்தேன். எத்தனை வீட்டில் தலையாட்டுவார்கள்? ஐந்துக்கு மேல் என்றால் கோடு போட்டு அடித்தேன். மிஞ்சியது ஏழு. "உழைப்புக்கு ஏற்ற பலன் கிடைக்கவில்லை" பத்துக் கதவிலும் செல்லும், அடி. "தகப்பன் வழிச் சொந்தத்தோடு பேச்சு இல்லை" நாலு கதவில் செல்லலாம், இருக்கட்டும். "பதினைந்து வயதுக்குள் பள்ளிக்கூடம் மாறியவர்" என்றால் தவறவும் முடியும், கேட்கிறவர் இல்லை என்று சொல்லவும் முடியும்.

இப்போது என் வழக்கம் இதுதான். ஆள் பேசுவதற்கு முன் எழுதிவிடுவேன், எழுதியதைப் பிறகு திருத்த மாட்டேன். வாசித்துவிட்டு "சரிதானே?" என்று கேட்பதில்லை. "இதில எது உங்களுக்குப் பொருந்தல?" என்று கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு ஆட்கள் முதலில் தடுமாறுவார்கள், மரியாதைக்காக "எல்லாம் சரிங்க" என்பார்கள். ரெண்டாவது தடவை கேட்டால்தான் சொல்வார்கள். தவறினதைக் கொப்பியில் குறிக்கிறேன். சரியானதை மட்டும் ஞாபகம் வைத்திருந்த காலத்தில் நான் பெரிய ஆள், கொப்பி வைத்த பிறகு அவ்வளவு இல்லை.

சீட்டுக்கு இன்னொரு நேர்மையான வழி இருக்கிறது என்று நினைக்கிறேன், நீங்கள்தான் செய்து பார்க்க வேண்டும். பலனாகச் சொல்லாமல் கேள்வியாக வையுங்கள். "இந்தச் சீட்டு விட்டுப் போறதைப் பத்தினது. உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டு, வருகிற பதில் அவருடையது, சீட்டினுடையது இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மனம் நிரப்புகிறதை நிறுத்த முடியாது. ஆனால் நிரப்பியது யார் என்பதை மறைக்காமல் இருக்கலாம்.

மஸ்கெலியா, ஒரு அம்மா: ஐயா, எம்மகளுக்கு செவ்வாய் தோஷம்னு ரெண்டு இடம் தட்டிப் போச்சு. நீங்க பொதுவா சொல்றது பத்திப் பேசுறீங்களே, இந்தத் தோஷத்துக்கு என்ன பரிகாரம்னு சொல்லுங்க.

அம்மா, பரிகாரம் பற்றி இங்கே எழுத மாட்டேன், குறிப்பைப் பார்க்காமல் சொல்வது தப்பு. ஆனால் நீங்கள் கேட்டதும் இந்தப் பேச்சுக்கு வெளியே இல்லை. வழக்கத்தில் லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12இல் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். பன்னிரண்டில் ஐந்து இடம். அதையே சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு கணக்கில் மாட்டுவார்கள். பிறகு விதிவிலக்குகள் என்று பாதியை விடுவிப்பார்கள். உங்கள் லயத்துப் பத்துக் கதவிலும் எத்தனை பேருக்கு இந்தத் தோஷம் இருக்கும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புத்தளை, ஓய்வுபெற்ற தபால்காரர்: சுத்தி வளைக்காம சாத்திரமே பொய்னு சொல்லிட்டுப் போங்களேன். ஏன் இன்னும் பலகை மாட்டி வச்சிருக்கீங்க?

நியாயமான அடி. இந்தியாவில் வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர் குழுவினர், 200 பிள்ளைகளின் சாதகங்களை வைத்துச் சோதித்தார்கள். பாதி கெட்டிக்கார மாணவர்களுடையது, பாதி மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடையது. 27 சோதிடர்கள் ஆளுக்கு 40 சாதகம் பார்த்து எது எந்த வகை என்று சொன்னார்கள். சரியாக வந்தது சராசரி 46 விழுக்காடு. காசைச் சுண்டினால் 50. அந்தப் பிரிவைச் சாதகத்தில் பார்க்கவே முடியாது என்று என் தொழில்காரர்கள் வாதாடுவார்கள். அப்படியானால் எதைப் பார்க்க முடியும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள் என்றால், எழுதித் தருகிறவர்கள் குறைவு. நானும் எட்டு வசனத்தில் ஒன்றுக்குத்தான் கையெழுத்துப் போடுவேன்.

பலகை இருக்கிறது, ஏனென்றால் வருகிறவர்கள் பாதிப் பேர் பலனுக்கு வருவதில்லை, ஒருத்தரிடம் உட்கார்ந்து பேச வருகிறார்கள். இது நல்ல காரணமா, சாப்பாட்டுக்காக நான் சொல்லிக்கொள்கிற காரணமா என்று எனக்கே முடிவாகவில்லை.

பண்டாரவளை, டாரட் சீட்டுப் பார்ப்பவர்: நீங்க சொன்ன மாதிரி ரெண்டு பேருக்குச் செஞ்சு பார்த்தேன் அண்ணே. ஒருத்தங்க "அப்போ உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா"ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

போவார்கள். எனக்கும் முதல் வருடம் வரும்படி பாதியானது. மற்றவர் என்ன செய்தார் என்று எழுதவில்லையே?

அவரே: ஒன்றரை மணித்தியாலம் பேசினாங்க. சீட்டைத் திரும்பிப் பார்க்கவே இல்ல.