ஆமையின் மூக்கில் குமிழி வருவது ஏன்?

"வீட்டில் வளர்க்கும் சிவப்புக்காது ஆமை மூக்கில் குமிழி விடுகிறது, ஒரு பக்கம் சரிந்து நீந்துகிறது. ஏன்?"

பெரும்பாலும் இது மூச்சுப்பாதைத் தொற்று. சரிந்து நீந்தினால் ஒரு பக்க நுரையீரலில் சளி கட்டியிருக்கலாம். ஆமையின் உடற்சூடு வெளியிலிருந்தே வருகிறது. தீயைக் குறைத்தால் உலை அடங்குவதுபோல, சூடு குறைந்தால் அதன் நோயெதிர்ப்பும் மந்தமாகும். நம்மைப்போல் இருமிச் சளியைத் தள்ளவும் அதனால் முடியாது.

சிங்கப்பூர்ச் சூடே போதும் என்று நம்பி, இரவெல்லாம் ஏர்கான் ஓடும் அறையில் தொட்டியை வைப்பதுதான் வழக்கமான பிழை. விடியற்காலையில் தண்ணீரின் வெப்பத்தை அளந்து பாருங்கள். 24 டிகிரிக்குக் கீழே இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். நோயுற்ற ஆமைக்குத் தண்ணீர் 27-28 டிகிரி, விளக்கடியில் காயும் மேடு சுமார் 32 டிகிரி வேண்டும். சூடு மட்டும் போதாது. ஊர்வனவற்றைப் பார்க்கும் விலங்கு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் ஊசி போடுவார். அது சில வாரங்கள் நீளலாம்.

குமிழி நின்றதும் குணமாகிவிட்டதென்று ஊசியை நிறுத்துவோர் பலர். நுரையீரலில் தொற்று அப்போதும் மிஞ்சியிருக்கலாம்.