அம்மாவுக்கு மூச்சு வாங்குது, கால் வீக்கம்: வெளிநாட்டில் இருக்கும் மகள் டாக்டருக்கு எப்படி எழுதுவது? கேள்வி பதில்

பதில் சொல்பவர் தஞ்சாவூர்ப் பக்கம் 25 வருடமாக ஓ.பி. பார்க்கும் பொது மருத்துவர்.

டொரான்டோவிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 67 வயது, ஊரில் தனியாக இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, 2 வருடத்துக்கு முன் இதயம் பலவீனம் என்றும் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வருகிறார். அடுத்த வாரம் பார்க்கும்போது நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தனுப்பலாம் என்று இருக்கிறேன். "ரொம்ப நாளாக உடம்பு சரியில்லை, கால் வீங்குது, மூச்சு வாங்குது, சரியாகச் சாப்பிடுவதில்லை" என்பதுவரை எழுதிவிட்டேன், அப்புறம் எப்படிப் போவது?

பதில்: முதலில் அந்த "ரொம்ப நாளாக" என்பதை அடித்துவிடுங்கள். எத்தனை நாளாக என்று தெரியாமல் எனக்கு ஒன்றும் ஓடாது. அதே மூச்சு வாங்கல் 2 வருடமாக ஒரே மாதிரி இருந்தால் நான் யோசிப்பது வேறு, 3 வாரமாகக் கூடிக்கொண்டே வந்தால் யோசிப்பது வேறு.

ஆனால் "எப்போதிலிருந்தும்மா?" என்று கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. நாளைக் கேட்காமல் நல்லநாளைக் கேளுங்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றுக்கு நடந்து போனீர்களா, ஆட்டோவா? நவராத்திரிக்குக் கொலுப்படியை நீங்களே அடுக்கினீர்களா, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டீர்களா? மெட்டியை எப்போது கழற்றி வைத்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் எந்த அம்மாவும் தேதியோடு பதில் சொல்லிவிடுவார்கள், அன்றைக்குத்தான் வீக்கம் விரலுக்கு வந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்து, முன்பு முடிந்ததையும் இப்போது முடியாததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். "மூச்சு வாங்குது" என்பது மாடி ஏறும் எல்லோருக்கும் பொருந்தும். "ஆகஸ்டில் ஆற்றுக்கு நிற்காமல் போய் வந்தார், இப்போது திண்ணையிலிருந்து கொல்லைக்குப் போவதற்குள் ஒரு தடவை சுவரைப் பிடித்து நிற்கிறார்" என்றால் எனக்கு அளவு கிடைத்துவிடுகிறது.

இரவைத் தனியாகக் கேளுங்கள். எத்தனை தலையணை, படுத்தால் இருமல் வருகிறதா, தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சுத் திணறி எழுந்து ஜன்னல் பக்கம் உட்கார்கிறாரா? இதயம் பலவீனமாக இருப்பவருக்கு இந்த மூன்றுக்கும் பதில் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒன்று மட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடியாவிட்டால், நெஞ்சு வலித்தால் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், உடனே 108. டொரான்டோவிலிருந்து நீங்கள் 108 அடித்தால் இங்கே வராது என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணை இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்: இவ்வளவு எதற்கு சார்? பழைய ரிப்போர்ட் மொத்தத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்டர் பார்த்துக்கொள்ள மாட்டாரா? நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பதில்: பாதி சரி. ரிப்போர்ட் வேண்டும், ஆனால் மொத்தமும் வேண்டாம். வெளியே 40 பேர் உட்கார்ந்திருக்கும்போது தலைகீழாக எடுத்த 43 போட்டோவை எந்த டாக்டரும் திருப்பித் திருப்பிப் பார்க்கப்போவதில்லை. கடைசி எக்கோ, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கடைசி கிரியாட்டினின், அதற்கு முந்தைய கிரியாட்டினின், இவ்வளவு போதும். முந்தையது எதற்கென்றால், 1.6 என்ற எண் மட்டும் தனியாக வந்தால் அது பழைய 1.5-இலிருந்து வந்ததா, 0.9-இலிருந்து வந்ததா என்று தெரியாது. இரண்டும் ஒன்றல்ல. தவிர, ராத்திரி அம்மா உட்கார்ந்துகொண்டே தூங்குகிறார் என்பதை எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: என் அம்மாவுக்கும் கால் வீக்கம். பார்லி கஞ்சியும் இளநீரும் கொடுத்தால் வடியும் என்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: இன்றைய பேச்சு வைத்தியம் பற்றியது இல்லை, அம்மாவைப் பார்க்காமல் நான் சொல்லவும் கூடாது. ஆனால் கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் தாளில் எழுதுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் மந்தமாக இருப்பவர் தினமும் குடித்தால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

துபாயிலிருந்து ஒரு மகள்: "அம்மாவுக்கு அடிக்கடி மயக்கம்" என்று எழுதி அனுப்பினேன். டாக்டர் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்ததில் ஒன்றுமில்லை. நான் எழுதியதில் என்ன தப்பு?

பதில்: தப்பு உங்களுடையது மட்டுமில்லை, அவரும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நம் ஊரில் மயக்கம் என்றால் நாலு அர்த்தம். எழுந்தவுடன் கண் இருட்டுவது மயக்கம், வீடு சுற்றுகிற மாதிரி இருப்பது மயக்கம், பசியில் கை நடுங்கி வேர்ப்பது மயக்கம், நினைவு தப்பிக் கீழே விழுவதும் மயக்கம். முதலாவதற்கு நான் பிரஷர் மாத்திரையைப் பார்ப்பேன், மூன்றாவதற்குச் சர்க்கரை மாத்திரையை. நாலாவது என்றால் அன்றைக்கே இ.சி.ஜி. அதனால் அம்மா சொன்ன வார்த்தையை அப்படியே போட்டுவிட்டு, அப்போது நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள்: எழுந்தபோதா, படுத்துப் புரண்டபோதா, சாப்பிடுவதற்கு முன்பா, விழுந்தாரா, எத்தனை நிமிடம். "வாயுப்பிடிப்பு" என்று அவர் சொன்னாலும் அப்படித்தான். அதை நீங்களே "கேஸ் டிரபிள்" என்று மாற்றிவிடாதீர்கள், அது நடக்கும்போது வந்து நின்றால் போகிற வலியாகவும் இருக்கலாம்.

லண்டனில் நர்ஸாக இருக்கும் ஒருவர்: எங்கள் வார்டில் எஸ்.பி.ஏ.ஆர். என்ற முறையில்தான் டாக்டரிடம் சொல்வோம்: இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, என்ன செய்ய வேண்டும். மகளும் அதே வரிசையில் எழுதினால் சுலபம். "இல்லாத" தொந்தரவுகளையும் எழுதச் சொல்லுங்கள் டாக்டர், நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

பதில்: இல்லாதவை பற்றிச் சொன்னது ரொம்பச் சரி, நான் விட்டுவிட்டேன். "நெஞ்சுவலி இல்லை, காய்ச்சல் இல்லை, சளி இல்லை" என்ற ஒரு வரி எனக்கு மூன்று கேள்வியை மிச்சப்படுத்தும். கணிப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வேறுபடுகிறேன். நர்ஸ் நோயாளியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கணிக்கிறார், மகள் தொலைவில் இருந்து. "கிட்னி போய்விட்டது என்று நினைக்கிறேன்" என்று முதல் வரியிலேயே இருந்தால் டாக்டர் புத்தி அந்தப் பக்கமே போகும். பயம் இருந்தால் கடைசியில் கேள்வியாக வைக்கலாம்.

லண்டன் நர்ஸ்: சில டாக்டர்களுக்கு மகள் என்ன பயப்படுகிறாள் என்று முதலிலேயே தெரிந்தால்தான் பேச்சு சரியாகப் போகும் என்பது என் அனுபவம்.

பதில்: இருக்கலாம். என் ஓ.பி.யை வைத்துத்தான் நான் சொல்கிறேன்.

டொரான்டோ மகள் மறுபடியும்: மாத்திரைப் பட்டியல் சீட்டில் இருப்பதை அப்படியே எழுதிவிட்டேன். போதும்தானே?

பதில்: போதாதும்மா. சீட்டில் இருப்பது டாக்டர் எழுதியது, எனக்கு வேண்டியது அம்மா விழுங்குவது. வீடியோ காலில் மாத்திரை டப்பாவைத் தரையில் கொட்டச் சொல்லி ஒவ்வொரு அட்டையாகக் காட்டச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரோடு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். நாளைக்கு டொரான்டோவில் யாரிடமாவது காட்டினால் அந்தப் பொடி எழுத்துதான் உதவும்.

அப்புறம் எண்ணுங்கள். தினம் ஒன்று என்று 1-ஆம் தேதி 30 வாங்கியிருந்தால் 20-ஆம் தேதி இரவு 10 மிச்சம் இருக்க வேண்டும். 19 இருந்தால் 9 நாள் விட்டிருக்கிறார். பெரும்பாலும் விடுபடுவது நீர் பிரிகிற மாத்திரைதான். பஸ்ஸில் போகிற நாள், கோயிலுக்குப் போகிற நாள், அங்கே கழிவறை கிடையாது என்ற கவலை. இது தெரியாமல் நான் டோஸைக் கூட்டினால், அவர் ஒழுங்காகப் போட ஆரம்பிக்கிற அன்றைக்குப் பிரஷர் இறங்கித் தலைசுற்றி விழுவார்.

"முட்டிவலிக்கு மெடிக்கல்ல வாங்குற மாத்திரை" இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை அம்மாக்கள் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை உடம்பில் நீரைத் தேக்கும், பலவீனமான இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாது.

டொரான்டோ மகள்: கேட்டேன், இருக்கிறது. வெள்ளை அட்டை, டைக்ளோபினாக்தான், 3 வாரமாகத் தினம் இரண்டு வேளை! அதோடு அம்லோடிபைன் 10 மில்லிகிராமும் போடுகிறார், அதுவும் கால் வீங்க வைக்கும் என்று படித்தேனே, அதுதான் காரணமா?

பதில்: அதுவும் வீங்க வைக்கும், ஆனால் அதனால் ராத்திரி மூச்சுத் திணறாது. இங்கே எது எவ்வளவு என்று பார்க்கிற டாக்டர்தான் பிரிக்க வேண்டும். வலி மாத்திரை விஷயத்துக்கு மட்டும் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே அவருக்குப் போன் செய்து சொல்லுங்கள். மற்றதை நீங்களாக நிறுத்தவும் கூட்டவும் வேண்டாம். இதுவரை நீங்கள் சொன்னதையும், விசாரித்து அனுப்பிய மற்ற விவரங்களையும் வைத்து நான் எழுதினால் இப்படி இருக்கும்:

> பெண், 67. சர்க்கரை, பிரஷர். இதயம் பலவீனம் (2 வருடம், எக்கோ இணைப்பு).
> தொந்தரவு: நடந்தால் மூச்சு வாங்குதல், இரண்டு கால் வீக்கம். 3 வாரமாகக் கூடுகிறது.
> முன்பு: ஆடிப்பெருக்கில் ஆற்றுக்கு நிற்காமல் நடந்தார். இப்போது: திண்ணையிலிருந்து கொல்லைக்குள் ஒரு தடவை நிற்கிறார்.
> இரவு: 3 தலையணை. வாரத்தில் 2 நாள் திணறி எழுகிறார் (பக்கத்து வீட்டு அக்கா பார்த்தது).
> வீக்கம்: முழங்காலுக்குக் கீழ் பாதிவரை, அழுத்தினால் குழி விழுகிறது (வீடியோவில் நான் பார்த்தது).
> எடை: போன மாதம் 61 கிலோ, இன்று 64.4.
> இல்லாதவை: நெஞ்சுவலி, காய்ச்சல், சளி, நினைவு தப்புதல்.
> மாத்திரை: தனிப் பட்டியல். நீர் மாத்திரை 20 நாளில் 9 நாள் விட்டார். டைக்ளோபினாக் 3 வாரமாகத் தினம் 2 (கடையில் வாங்கியது).
> கேள்வி: முட்டிவலிக்கு வேறு என்ன தரலாம்? எடை எவ்வளவு கூடினால் உங்களைக் கூப்பிட வேண்டும்?

எடையைக் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காப்பிக்கு முன், ஒரே மாதிரி உடையில் பார்க்கச் சொல்லுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது. யார் பார்த்தது, யார் சொன்னது என்று அடைப்பில் போட்டிருக்கிறேன் பாருங்கள், அது முக்கியம்.

மெல்போர்னிலிருந்து ஒரு மகன்: மாத்திரையை விட்டதைப் போட்டுக்கொடுத்தால் என் அம்மா ஒரு மாதம் பேச மாட்டார். மறைத்து அனுப்பலாமா?

பதில்: இதற்கு எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற பதில் என்னிடம் இல்லை தம்பி. சில அம்மாக்கள் கோபித்துக்கொண்டு அடுத்த தடவை டப்பாவையே காட்ட மாட்டார்கள். அனுப்புவதற்கு முன் போனில் முழுசாக வாசித்துக் காட்டுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

டொரான்டோ மகள்: வாசித்துக் காட்டிவிட்டேன் டாக்டர். மாத்திரை விட்டதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. "மூணு தலகாணின்னு யாருடி சொன்னா, ரெண்டுதான் தலைக்கு, ஒண்ணு காலுக்கு" என்றார்.

பதில்: அப்போது 2 என்று திருத்துங்கள். போன மாதம் தலைக்கு எத்தனை என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.