தேவஜம்மணியின் இடது கை

அன்புள்ள ஐயா,

தருமபுரியில் கல்லூரியில் படிக்கிறேன். தாமஸ் ஹிக்கி வரைந்த மைசூர் அரசிகள் ஓவியத்தில் வலது ஓரம் நிற்கும் தேவஜம்மணி, ஓவியருக்காக அசையாமல் நின்றபோது என்ன நினைத்திருப்பாள் என்று ஒரு தனிமொழி எழுதி இணைத்திருக்கிறேன். தோழி படித்துவிட்டு “வரலாற்றுப் பாடம் மாதிரி இருக்கு” என்கிறாள். எங்கே சறுக்குகிறது?

அன்புள்ள வாசகிக்கு,

“தடுப்பூசியின் தூதராக நிற்கிறேன்” என்று நீங்கள் எழுதிய வரியில்தான். பெரியம்மைத் தடுப்பூசியை மக்களிடம் பரப்பத்தான் இந்த ஓவியம் என்பது நைஜல் சான்ஸலர் என்ற வரலாற்றாசிரியர் நம் காலத்தில் சொன்ன விளக்கம். (நடனப் பெண்கள் என்று முன்பு நினைத்த ஓவியம் அது. அவர் சொல்வதை ஏற்றுக்கொண்டே பேசுவோம், கதைக்கு அதுதான் நல்லது.) 1805இல் அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதுபோல இருக்கும். அவளுக்குத் தெரிந்தது தன் கை மட்டும்தான்.

உங்கள் பாட்டியின் கையில் அம்மை குத்தின தழும்பைப் பார்த்திருப்பீர்கள். தேவஜம்மணிக்குக் குத்தியபோது மருந்து குப்பியில் வரவில்லை. வெயிலில் அது சீக்கிரம் கெட்டுவிடும். ஒரு குழந்தைக்குக் குத்துவார்கள், எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் நீர் கட்டும், அந்த நீரை எடுத்து அடுத்த கையில் கீறி வைப்பார்கள். 1802இல் பம்பாயில் தொடங்கி கைக்குக் கை அப்படித்தான் நகர்ந்தது. ஆக, அரசியின் உடம்புக்குள் போனது யார் வீட்டுப் பிள்ளையின் நீரோ! சாதி பார்த்தவர்கள் பயந்ததும் அதற்குத்தான். சபையில் வாய்விட்டுச் சொல்ல முடியாத இந்த நினைப்பு உங்கள் வரைவில் இல்லை.

நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

“முந்தானையை இன்னும் கொஞ்சம் விலக்கச் சொல்றாரு. அஜ்ஜி தலையாட்டினா, விலக்கினேன். தோள் கடுக்குது. இந்தத் தழும்பைத்தான் ஊர் பூரா பார்க்கணுமாம். இதைக் கொடுத்த பிள்ளை எந்தத் தெருவோ. அதுக்கும் அரிச்சிருக்கும். சொறியக் கூடாதுன்னு அதோட கையையும் யாராவது பிடிச்சு வச்சிருப்பாங்க.”

அப்புறம், இடது ஓரம் நிற்கும் மூத்த ராணியின் வாயைச் சுற்றிய வெளுப்பை உங்கள் தேவஜம்மணி திரும்பிப் பார்த்து வர்ணிக்கிறாள். அசையாமல் நிற்பவள் எப்படித் திரும்புவாள்? அந்த வெளுப்பு பழைய முறையின் அடையாளம் என்கிறார் சான்ஸலர். அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதுவார்களாம். லேசான அம்மை வந்து போகும், சிலருக்கு லேசாக இராது. அதை நினைவாக வையுங்கள்: மூத்தவள் வெற்றிலை மடித்துக் கொடுத்தபோது கிட்டத்தில் பார்த்தது, கேட்க வாய் வராதது.

சான்ஸலரின் கருத்துகளைத் தனிக் கட்டுரையாக எழுதுங்கள். தனிமொழியில் அவருக்கு இடமில்லை.