“எப்போ கல்யாணம்?” என்ற கேள்வியும் தனியாக இருப்பவரின் மனநிறைவும்: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 34 வயசு. தனியா இருக்கறது பிடிச்சுதான் இருக்கு. ஆனா அம்மா போன் பேசி வெச்சா ரெண்டு நாள் மனசே சரியில்லை. நான் என்னையே ஏமாத்திக்கறேனா அக்கா?

பதில்: அந்த இரண்டு நாளும் வலிப்பது எது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. துணை இல்லையே என்ற வலி ஒன்று. துணை ஏன் இல்லை என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற வலி வேறொன்று. நெஞ்சில் இரண்டும் ஒரே மாதிரிதான் கனக்கும். அதனால்தான் இரண்டாவது வலிக்கு முதலாவதன் மருந்தைத் தேடுகிறோம், அல்லது நேர்மாறாகச் செய்கிறோம்.

பிரித்துப் பார்க்க ஒரு சின்ன நோட்டு போதும். நான்கு வாரம் எழுதுங்கள். மனம் கனக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று வரி. எப்போது வந்தது, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது, அந்த நிமிடம் என்ன கிடைத்திருந்தால் மனசு லேசாகியிருக்கும். மூன்றாவது வரியில்தான் பலரும் சறுக்குவார்கள். “கல்யாணம்” என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள். அது ரொம்பப் பெரிய சொல், அதிலிருந்து எதையும் பிரித்தெடுக்க முடியாது. “யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால்”, “அந்தப் பேச்சே வராமல் இருந்திருந்தால்” என்கிற அளவுக்குச் சின்னதாக எழுதுங்கள்.

அன்றன்றே எழுத வேண்டும். வாரக் கடைசியில் மொத்தமாக யோசித்து எழுதினால், கடைசியாக வந்த போன் அழைப்பின் நிறம் எல்லா நாளிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் மட்டும் எழுதுவதும் போதாது. அந்த வாரத்தில் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்று வந்துவிட்டால் கணக்கே மாறிவிடும்.

கேள்வி: நீங்க நோட்டு எழுதச் சொன்னீங்களே, அவதான் நான். 28 நாள்ல 13 தடவை வந்துச்சு. 8 தடவை அம்மா போனுக்கு அப்புறம். 3 தடவை ஞாயிறு சாயங்காலம். ஒண்ணு காய்ச்சல் அன்னிக்கு. இன்னொண்ணு ஃப்ரெண்ட் கர்ப்பமா இருக்கேன்னு சொன்னப்போ. அந்தக் கடைசி ஒண்ணுக்கு மூணாவது வரி எழுதவே வரலை.

பதில்: எட்டிலிருந்து ஆரம்பிப்போம். அந்த எட்டுக்கும் மூன்றாவது வரியில் என்ன எழுதினீர்கள்?

கேட்டவர்: எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணேதான். “அம்மா குரல்ல அந்த ஏமாற்றம் இல்லாம இருந்திருந்தா.”

பதில்: அப்படியென்றால் அந்த எட்டும் அம்மாவுக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது. கல்யாணம் செய்தால் அது நின்றுவிடும், உண்மைதான். ஆனால் நிற்பது கேள்வி மட்டும்தான். அந்த நிம்மதியைத் துணை வேண்டும் என்ற ஆசையாக எடுத்துக்கொண்டு முடிவு செய்தால், கேள்வி ஓய்ந்த பிறகு எதிரில் இருக்கும் மனிதரைப் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஞாயிறு மூன்றும் நிஜமான தனிமை. அதை மனநிறைவு என்ற பெயர் சொல்லி மூடாதீர்கள். தனியாக இருந்தும் நிறைவாக இருப்பவர்களிடம் பெரும்பாலும் நல்ல நட்பு இருக்கும், அதுவும் நாள் குறித்த நட்பாக இருக்கும். “எப்போ வேணா வா” என்பது நடக்காது. “ஒவ்வொரு ஞாயிறும் 5 மணிக்கு” என்பது நடக்கும். ஒரே ஒருவரை நம்பி வைக்காதீர்கள். அவர் வாழ்க்கை மாறும்போது உங்கள் ஞாயிறும் காலியாகிவிடும். இரண்டு பேர் இருக்கட்டும்.

காய்ச்சல் நாள் ஏற்பாடு செய்ய வேண்டிய விஷயம். வீட்டுச் சாவி ஒருவரிடம், மருத்துவ விவரம் எழுதிய தாள் ஒருவரிடம், இரவு 2 மணிக்குக் கூப்பிடலாம் என்று முன்பே வாய்விட்டுச் சொல்லி வைத்தவர் ஒருவர். மனதுக்குள் நினைத்து வைத்தால் போதாது. அந்த நேரத்தில் “தொந்தரவு பண்றோமோ” என்று கை போனைத் தொடாது.

வெற்று வரியை அவசரமாக நிரப்ப வேண்டாம். தோழி விலகிப் போய்விடுவாளோ என்ற பயமாக இருக்கலாம். குழந்தை வேண்டும் என்ற ஆசையாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் அது துணையைப் பற்றிய கேள்வியிலிருந்து வேறு, அதற்கு உடல் விதிக்கும் கால எல்லையும் உண்டு. அதை மட்டும் தனியாக, மருத்துவரிடம் பேசிப் பாருங்கள். அம்மாவின் கேள்வியோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கேள்வி: கல்யாணம் ஆனவங்கதான் சந்தோஷமா இருக்காங்கன்னு ஆராய்ச்சியே சொல்லுதே. அதை ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?

பதில்: பாதி சரி. ஒரு சமயத்தில் எல்லோரையும் கேட்டால், மணமானவர்களின் சராசரி கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் அந்த “மணமானவர்கள்” கூட்டத்தில் பிரிந்தவர்கள் இல்லை. ஒத்துவராதவர்களைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பவர்களை மட்டும் எண்ணுகிறோம். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் பாதியில் நிறுத்தியவர்களை விட்டுவிட்டு, தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் மட்டும் குணமா என்று கேட்பது போன்றது அது. தனியாக இருப்பவர்கள் மீதான பாரபட்சத்தை ஆராய்ந்து, அதற்குத் தனிப் பெயரும் கொடுத்த உளவியலாளர் பெல்லா டிபாவ்லோ விடாமல் எழுப்பி வரும் கேள்விகளில் இது ஒன்று.

அதே ஆட்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கேட்டால் படம் இன்னும் தெளிவாகும். ஜெர்மனியில் 24,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 15 ஆண்டுகள் சேர்த்த விவரங்களை ரிச்சர்ட் லூக்கஸ் குழு ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டது. கல்யாணத்தை ஒட்டிச் சின்ன ஏற்றம், பிறகு சில ஆண்டுகளில் சராசரி பழைய நிலைக்கே வந்துவிட்டது. மணம் செய்து சேர்ந்தே இருந்தவர்கள், மணத்துக்கு முன்பே மற்றவர்களைவிடக் கொஞ்சம் நிறைவாக இருந்தவர்கள்.

உங்கள் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். அது சராசரி. ஏறி அப்படியே மேலே நின்றவர்களும் அதே கூட்டத்தில் இருந்தார்கள், இறங்கியவர்களும் இருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை அந்த எண்ணைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஒரு வீட்டுப் பிள்ளையைச் சம்மதிக்க வைக்கும் ஆதாரமாக அதைக் காட்டவும் முடியாது.

கேள்வி: என் பொண்ணுக்கு 37. இந்த நோட்டை அவகிட்ட கொடுத்து எழுத வெச்சு நான் படிச்சா, அவ மனசை மாத்த வழி கிடைக்குமாம்மா?

பதில்: வேண்டாம் அம்மா. அது அவர் தனக்காக எழுதினால் மட்டுமே பயன்படும். நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்த நொடியிலிருந்து அவர் உங்களுக்குப் பதில் எழுதத் தொடங்கிவிடுவார்.

அதே மூன்று வரியை நீங்கள் எழுதிப் பாருங்கள். “எனக்கு அப்புறம் அவளுக்கு யார் இருக்கா” என்ற பயம்தான் உங்கள் மூன்றாவது வரியில் வரும் என்று நினைக்கிறேன். அதை அப்படியே அவரிடம் கேளுங்கள். ராத்திரி உடம்பு முடியவில்லை என்றால் யார் வருவார், வங்கிக் கணக்கில் யார் பெயர் கொடுத்திருக்கிறாய், முதுமைக்கு என்ன சேர்த்து வைத்திருக்கிறாய். இவை எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. பதில் இல்லாத இடத்தில் இருவரும் சேர்ந்து ஏதாவது செய்யவும் முடியும். “எப்போ?” என்பதற்கு அவரிடம் பதிலே இல்லை, அதனால் நீங்கள் கேட்கக் கேட்க அவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். உங்கள் பயமும் கூடும்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்றேன். வேலை, படிப்பு, வீட்டுக் கடன்னு. விடவே மாட்டேங்கறாங்க. என்னதான் பண்றது?

பதில்: காரணம் சொல்வதால்தான் விடுவதில்லை. கடன் என்றால் கடன் முடிந்ததும் வருவார்கள். காரணம் ஒவ்வொன்றும் தீர்த்துவைக்க நீங்களே கொடுக்கும் வேலை.

ஒரே ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். “இப்போதைக்கு அப்படி எண்ணம் இல்லை, இருந்தா நானே சொல்றேன்.” ஒவ்வொரு முறையும் அதே சொற்கள், அதே குரல், உடனே வேறு பேச்சு. முதல் சில வாரம் கேள்வி கூடும். கோபமும் வரலாம், அழுகையும் வரலாம். அந்தக் கட்டத்தில் தாங்காமல் நான்காவது முறை உட்கார்ந்து விளக்கம் கொடுத்தால், நான்கு முறை கேட்டால் வழி திறக்கும் என்று அவர்கள் தெரிந்துகொள்வார்கள். முன்பைவிட மோசமாகும். தொடங்கினால் விடாமல் இருக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

கதவை மட்டும் சாத்தாதீர்கள். அந்தக் கேள்வி பல வீடுகளில் பாசத்தைக் காட்டும் ஒரே வழியாகிவிட்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் பேச வேறு ஒன்றும் இருக்காது. வாரத்தில் இரண்டு முறை நீங்களே கூப்பிட்டு, அவர்கள் உடம்பைப் பற்றியும் உங்கள் வேலையைப் பற்றியும் பேசுங்கள்.

மிரட்டல் இருக்கும் வீட்டுக்கும், பணத்துக்கு முழுக்க அவர்களை நம்பி இருப்பவருக்கும் இந்த வழி பொருந்தாது. அங்கே முதலில் வேண்டியது தனி வருமானமும், போய்த் தங்க ஓர் இடமும்.

கேள்வி: நான் ஆண், 41. எனக்கு உண்மையாவே துணை வேணும். எல்லாரும் “தனியா சந்தோஷமா இருக்கக் கத்துக்கோ”ங்கறாங்க. இதுவும் ஒரு அழுத்தம்தானே மேடம்?

பதில்: ஆமாம், அழுத்தம்தான். ஆசை இல்லாமல் இருப்பதுதான் நிறைவு என்று யாரோ தவறாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இன்றைய வாழ்க்கையில் நிறைவும், நாளை துணை வேண்டும் என்ற விருப்பமும் ஒரே மனதில் இருக்கலாம்.

பார்க்க வேண்டியது பயம். ஸ்டெஃபனி ஸ்பீல்மன் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வுகளில், தனியாக இருந்துவிடுவோமோ என்ற பயம் அதிகம் உள்ளவர்கள் தங்களிடம் அக்கறை காட்டாதவர்களையும் ஏற்கத் தயாராக இருந்தார்கள். திருப்தி இல்லாத உறவிலிருந்து வெளியே வரவும் தயங்கினார்கள். ஆண், பெண் இருவருமே அப்படித்தான். ஆசையா பயமா என்று தெரிய, ஒருவரைச் சந்தித்துவிட்டு வந்த இரவு நண்பரிடம் என்ன சொல்கிறீர்கள் என்று கவனியுங்கள். அவர் சொன்னது, சிரித்தது, உங்களுக்கு இடித்தது எல்லாம் வாயில் வந்தால் ஆசை. “அப்பாடா, ஒருவழியா அமையும் போல” என்பது மட்டும் வந்தால், அந்த மனிதரை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

கேள்வி: எனக்குச் சண்டை, மனஸ்தாபம் எதுவும் ஆகாது. அதனாலதான் தனியா இருக்கேன், நிம்மதியா இருக்கேன். இது நிறைவா, ஓடி ஒளியறதா?

பதில்: நியூசிலாந்தில் யுதிகா கிர்மே குழு செய்த ஆய்வு நேராக உங்களைப் போன்றவர்களைப் பற்றியது. உறவில் பிணக்கைத் தவிர்ப்பதே முக்கியம் என்று நினைப்பவர்கள், தனியாக இருந்தாலும் துணையோடு இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு நிறைவோடு இருந்தார்கள். ஆகவே உங்கள் நிம்மதி பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அது உங்களுக்குப் பொருந்திய வாழ்க்கையா, பயத்துக்குப் பொருந்திய வாழ்க்கையா என்பதில் இந்தத் துறையில் இருப்பவர்களே ஒரே கருத்தில் இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான். துணை விஷயத்தில் மட்டும் இந்த ஒதுங்கலா, எல்லோரிடமும் இப்படியா?

கேட்டவர்: அண்ணன்கிட்ட பேசி மூணு வருஷம் ஆகுது. சண்டை ஒண்ணும் இல்லை. வந்துடக் கூடாதுன்னுதான்.

பதில்: அப்படியானால் கல்யாணக் கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் அண்ணனுக்கு ஒரு போன் செய்யுங்கள்.