முதல் குடத்தைக் கீழே ஊற்றாதீர்கள்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் விடுகிறார்கள். முதல் பத்து நிமிடம் கலங்கலாக, சாக்கடை நாற்றத்தோடு வரும், அப்புறம் தெளிந்துவிடும். தெருவில் ஏழெட்டு வீட்டில் பேதி. புகார் கொடுத்தால் ஏழு மணிக்கு வந்து சாம்பிள் எடுத்து, "தண்ணி நல்லாதான் இருக்கு" என்கிறார்கள். ஆலைகள் பெருகிய காலத்து லண்டனில் காலரா தண்ணீரில்தான் வந்தது என்று நிரூபித்தார்களாமே, என் மகன் படித்திருக்கிறான். அவர்கள் எப்படி நிரூபித்தார்கள்? நாங்கள் எப்படி நிரூபிப்பது?

பதில்: பேதியை முதலில் பார்ப்போம். குடிக்கிற தண்ணீர், பல் துலக்குகிற தண்ணீர் இரண்டையும் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது அடுப்பில் விடுங்கள். குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே இருங்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில், "எங்கள் ஒரே தெருவில் இத்தனை பேருக்கு" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். தனித்தனியாகப் போய் மாத்திரை வாங்கி வந்தால் அது ஏழெட்டு தனித்தனி வயிற்றுவலியாகத்தான் பதிவாகும்.

சாம்பிள் எடுத்தவர் பொய் சொல்லவில்லை. ஏழு மணித் தண்ணீர் உண்மையாகவே நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் விடாத நேரத்தில் லைன் காலியாகக் கிடக்கிறது, உள்ளே அழுத்தமே இல்லை. நம் பக்கத்துச் சந்துகளில் குடிநீர்ப் பைப்பும் கழிவுநீர்ப் பைப்பும் ஓரிரு முழ இடைவெளியில்தான் புதைந்திருக்கும். கழிவுநீர் கசிந்து மண் ஊறிக் கிடந்தால், குடிநீர்ப் பைப்பில் தளர்ந்த ஜாயின்ட் வழியாக அது மெல்ல உள்ளே இறங்கி அடியில் தேங்கும். ஐந்தரைக்கு வால்வைத் திறந்ததும் முதலில் புஸ்ஸென்று காற்று வரும், அப்புறம் அந்தத் தேங்கிய தண்ணீர் வரும். லைனில் அழுத்தம் ஏறியபின் அதே ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் வெளியே கசியுமே தவிர, கெட்டது உள்ளே வராது. ஆகவே உங்கள் சாட்சி முதல் குடம்தான். நாறுகிறதே என்று ஒவ்வொரு முறையும் அதைத்தான் கீழே ஊற்றுகிறீர்கள்.

இனி லண்டன். எல்லோரும் சொல்வது 1854-இல் காலராவைப் பரப்பிய பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியை டாக்டர் ஜான் ஸ்னோ கழற்றவைத்த கதையை. உங்கள் கேள்விக்குப் பொருந்துவது அது இல்லை, 1866. அதற்குள் லண்டன் பெரிய கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டியிருந்தது; பொறியாளர் பாசல்கெட்டின் திட்டம் 1865-இலேயே திறப்பு விழாவும் கண்டுவிட்டது. ஆனால் கப்பல்துறைகளும் ஆலைகளும் கூலித் தொழிலாளர் வீடுகளும் நெருக்கிக் கிடந்த கிழக்கு லண்டனில் மட்டும் இணைப்பு முடியவில்லை, பம்ப் நிலையம் பாக்கி. (வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அந்தக் கோடையில் காலரா அங்கேதான் வெடித்தது. 5,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இறப்புப் பதிவுகளைக் கவனித்துவந்தவர் வில்லியம் ஃபார். இவர் ஒரு காலத்தில் கெட்ட காற்றுதான் காலராவுக்குக் காரணம் என்று நம்பியவர். கெட்ட காற்று தங்கும் தாழ்வான இடத்தில் சாவு அதிகம் என்று கணக்குப் போட்டே காட்டியவர். 1866-இல் அவர் வார வார இறப்புகளைத் தெருப் பெயரோடு நிறுத்தாமல், எந்தத் தண்ணீர்க் கம்பெனியின் பைப் எந்தப் பகுதிக்குப் போகிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தார். சாவு கிட்டத்தட்ட முழுக்க ஒரே கம்பெனியின் ஒரே நீர்த்தேக்கத்தில் இருந்து தண்ணீர் போன பகுதிக்குள் அடங்கியது. அந்த இடம் ஓல்டு ஃபோர்டு, லீ ஆற்றங்கரை. அந்த ஆற்றில் சாக்கடை கலந்துகொண்டிருந்தது.

கம்பெனி இன்ஜினியர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டுகூட விடுவதில்லை. அவருக்குப் பதில் சொன்னது எந்தப் பரிசோதனைக் கூடமும் இல்லை. இரண்டு வாடிக்கையாளர்கள், தங்கள் வீட்டுக் குழாயில் விலாங்கு மீன் வந்தது என்றார்கள். மணல் வடிகட்டியைத் தாண்டி விலாங்கு வர முடியாது. மூடியில்லாத பழைய தேக்கத் தண்ணீரை லைனில் விட்டது பிறகு வெளியே வந்தது. 1852-ஆம் வருடச் சட்டப்படி அது குற்றம். காலராக் கிருமி என்று ஒன்றைக் காட்டிப் பேசும் நிலையில் அன்றைக்கு அவர்கள் யாரும் இல்லை. பைப் எதுவரை போகிறதோ நோயும் அதுவரை போகிறது என்ற பொருத்தமும் அந்த விலாங்குகளும்தான் அவர்கள் கையில் இருந்த நிரூபணம்.

உங்கள் தெருவுக்கும் இதே வழிதான். ஒரு நோட்டில் தெருவை நீளவாக்கில் வரைந்து, வீட்டுக்கு ஒரு கட்டம் போடுங்கள். தண்ணீர் எந்த முனையில் இருந்து வருகிறது என்பதை வால்வ் திறப்பவரிடம் கேட்டுக் குறியுங்கள். இதில் நாம் பெரும்பாலும் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருப்போம். அடுத்த தண்ணீர் நாளில் ஒவ்வொரு வீட்டிலும் சம்ப்புக்குப் போகும் முன்பே, தெரு லைனில் இருந்து நேராக வரும் குழாயில் அல்லது அடிபம்பில், நிறமில்லாத பாட்டிலில் மூன்று முறை பிடிக்கவேண்டும்: வந்ததும், பத்தாவது நிமிடம், அரை மணி கழித்து. நேரத்தை மேலே எழுதி ஒட்டுங்கள். வரிசையாக ஒரு திண்ணையில் வைத்து போட்டோ எடுத்தால் பாதிக் கதை அதிலேயே தெரியும்.

மீதிப் பாதிக்கு, தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் கிட் வேண்டும். ஓ.டி. என்று கேட்டால் கொடுப்பார்கள். சிறு குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டதும் மஞ்சளாகும். உடனே அட்டையோடு ஒப்பிட வேண்டும், ஆறவிட்டுப் பார்த்தால் கணக்கு ஏறித் தெரியும். சோதித்த தண்ணீரை வாயில் வைக்காதீர்கள், கையைக் கழுவுங்கள். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். முதல் நிமிடத் தண்ணீரில் நிறமே வராமல், அரை மணித் தண்ணீரில் மஞ்சள் வந்தால், நடுவில் ஏதோ குளோரினைத் தின்றிருக்கிறது. அது சாக்கடையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஹெச்2எஸ் பாட்டிலும் கிடைக்கிறது: கோடு வரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கிருமி உள்ள தண்ணீர் கறுக்கும். ஆனால் வேறு சில கிருமிகளும் அதைக் கறுக்கவைக்கும், போர் தண்ணீரில் ஏமாற்றுவது அதிகம். அதை வைத்து வழக்காட வேண்டாம், சந்தேகத்தை உறுதிசெய்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டத்தை எப்படிப் படிப்பது? ஒரே ஒரு வீட்டில் மட்டும் கலங்கல் என்றால் கோளாறு அந்த வீட்டு இணைப்பில். ஒரு வீட்டில் இருந்து தொடர்ந்து வரிசையாகக் கலங்கல் என்றால், கடைசி நல்ல வீட்டுக்கும் முதல் கெட்ட வீட்டுக்கும் நடுவே ஓட்டை. தெரு முழுக்க, நேரம் முழுக்கக் கலங்கல் என்றால் கோளாறு உங்கள் தெருவிலேயே இல்லை. தெளிந்த தண்ணீர் நடுவில் திடீரென்று மறுபடி நாறினால் யாரோ லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். அந்த இழுப்பில் அழுத்தம் விழுந்து ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே ஏறுகிறது. அந்த மோட்டார் யாருடையது என்பது தெருவுக்கே தெரியும், யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

வியாசர்பாடிப் பக்கம் ஒரு தெருவில் நான் இதைச் செய்த கதையைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வீடு. ஒன்றில் இருந்து ஒன்பது வரை சுத்தம், பத்தில் இருந்து பதினாறு வரை கலங்கல், பதினேழில் இருந்து மறுபடி சுத்தம். பதினாறைத் தாண்டி எப்படித் தெளியும்? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பதினேழில் இருந்து அந்தப் பக்க வீடுகளுக்கு எதிர்முனை லைன் என்று வால்வ் திறப்பவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. இன்னொரு குழப்பம், பதின்மூன்றாம் வீட்டில் கலங்கல் உண்டு, ஆனால் ஒருவருக்கும் பேதி இல்லை. விசாரித்தால் அந்த அம்மா, "எங்க வீட்டுக்காரர் நைட் ஷிப்டு, நான் ஆறு மணிக்கு மேலதான் எழுந்து பிடிப்பேன்" என்றார். தெளிந்த பிறகு பிடித்த தண்ணீர். பிராட் தெருவில் பீர் ஆலைத் தொழிலாளர்கள் பம்ப் தண்ணீரைத் தொடாமல் பீரைக் குடித்துத் தப்பித்தார்களே, அதே மாதிரி. பொருந்தாத வீட்டைக் கட்டத்தில் இருந்து அழித்துவிடாதீர்கள், அங்கேதான் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே தோண்டினார்கள். யாரோ ஒருவருடைய பழைய ஜி.ஐ. பைப் இணைப்பு ஒரு சாக்கடைத் தொட்டியின் உள்ளேயே குறுக்கே போயிருந்தது. கையால் தொட்டதும் துரு பிஸ்கட் போல உதிர்ந்தது.

உங்கள் கட்டம், பாட்டில் போட்டோ, பேதி வந்த வீடுகள், வந்த தேதிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்து குடிநீர் வாரிய டிப்போவில் கொடுங்கள். 1916 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகார் எண் வாங்குங்கள். கேட்க வேண்டியது ஒன்றே: "ஐந்தரைக்கு, முதல் தண்ணீரில் சாம்பிள் எடுங்கள்." மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்கும் ஒரு நகல் கொடுங்கள். அவர்கள் கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பிப் பரிசோதிக்க முடியும். பினாயில் போட்டுக் கழுவிய தண்ணீர் பாட்டிலில் நீங்களே பிடித்துக்கொண்டு போனால் அந்த முடிவு நிற்காது.

ஒரு போலித் தீர்வை எதிர்பாருங்கள். லைனில் குளோரினைக் கூட்டி விடுவார்கள். நாற்றம் அடங்கி பிளீச்சிங் வாசம் வரும், கிட்டில் மஞ்சளும் வரும். முதல் பாட்டில் இன்னும் கலங்கலாகவே இருந்தால் ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. அப்புறம், தண்ணீரில் பெட்ரோல், டீசல் வாடை வந்தால் இந்தப் பதில் எதுவும் பொருந்தாது, கொதிக்கவைத்தாலும் பயனில்லை. 2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய்க் கசிவால் போர் தண்ணீரில் எண்ணெய் கலந்தது நினைவிருக்கலாம். அந்தத் தண்ணீரைத் தொடாமல் உடனே புகார் கொடுக்க வேண்டியதுதான்.

பைப்பை மாற்றிய பிறகும் சில வீடுகளில் "இன்னும் நாறுது" என்பார்கள். அது அவர்கள் சம்ப்பில் இறங்கியிருக்கும் பழைய சகதி. சம்ப்பைக் காலிசெய்து, தேய்த்து, நிரப்பி, 1,000 லிட்டருக்கு 200 கிராம் புது பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு இரவு விட்டு, முழுவதையும் வெளியேற்றுங்கள். அன்றாடம் குடிக்கிற தண்ணீருக்கு இந்த அளவு கூடாது. அதற்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம்தான், கலந்து அரை மணி கழித்துக் குடிக்கலாம். கடையில் திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த பவுடர் வேண்டாம், வீரியம் போயிருக்கும்.