பூட்டு போட்ட தளம்தான், ஆனாலும் ஆபீஸுக்கு என்ன தெரியும்?

கேள்வி: ஆபீஸ் வைஃபையில் https தளங்களுக்குத்தான் போகிறேன். அப்படியும் நான் என்ன பார்க்கிறேன் என்று கம்பெனிக்கோ நெட் கொடுப்பவருக்கோ தெரியுமா?

நீங்கள் வேலை தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னிக்கவும், இந்தக் கேள்வியை என்னிடம் நேரில் கேட்டவர்கள் பாதிப்பேர் அதற்காகத்தான் கேட்டார்கள்.

பக்கத்தில் என்ன இருக்கிறது, நீங்கள் என்ன டைப் செய்தீர்கள், பாஸ்வேர்டு என்ன, இதெல்லாம் தெரியாது. எந்தத் தளம், எப்போது, எவ்வளவு நேரம் இணைப்பு திறந்திருந்தது, எவ்வளவு டேட்டா எந்தத் திசையில் போனது, இதெல்லாம் தெரியும். தளத்தின் பெயர் இரண்டு இடங்களில் வெளியே வருகிறது. முதலில் டிஎன்எஸ்: பெயரைக் கொடுத்து ஐபி முகவரி கேட்கும் அந்தக் கேள்வி சாதாரணமாக மறையாக்கம் இல்லாமலேதான் போகும். அதை பிரவுசரில் பூட்டிவிட்டாலும், இணைப்பு தொடங்கும் முதல் செய்தியில் SNI என்ற இடத்தில் தளத்தின் பெயர் மறுபடியும் வெளிப்படையாக வரும். ஒரே சர்வரில் பல தளங்கள் இருப்பதால், அசல் தளம்தான் என்று நிரூபிக்கும் சான்றிதழ்களில் எந்தத் தளத்தினுடையதைக் காட்டுவது என்று சர்வருக்குத் தெரிய வேண்டும், அதற்காக வைத்தது அது. ஆக நீங்கள் ta.wikipedia.org போனது தெரியும், எந்தக் கட்டுரை படித்தீர்கள் என்பது தெரியாது. அந்தப் பெயரையும் மறைக்க ECH என்று ஒன்று வந்திருக்கிறது, ஆனால் பிரவுசரும் தளமும் இரண்டுமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும். அப்போதும் ஐபி முகவரியும் நேரமும் அளவும் மறையாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் டீமில் இருந்தேன், ஒவ்வொரு இணைப்பையும் பதிவு செய்யும் ஃபயர்வால் லாக் என் கையில்தான் இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன், கமெண்ட்டில் கேட்காதீர்கள்.

டெஸ்டிங் டீமில் ஒரு பெண் இருந்தார். அவர் ஆபீஸ் நேரத்தில் 3 மணி நேரம் வேலை தேடும் தளத்தில் இருந்தார் என்று மேனேஜர் புகார் கொடுத்துவிட்டார். ஃபயர்வால் தானாகத் தயாரிக்கும் ரிப்போர்ட்டில் தளத்தின் பெயருக்கு எதிரே 3 மணி நேரம் என்று இருந்தது, அவ்வளவுதான் அவர்களிடம் இருந்த ஆதாரம். எச்ஆர் என்னிடம் முழு லாக்கைக் கேட்டார்கள். பெயரையும் முகவரிகளையும் மாற்றித் தருகிறேன், முக்கியமான இரண்டு வரிகள் இப்படி:

```
10:02:11 10.20.4.31 -> 203.0.113.45:443 jobs.example.com dur=64s    sent=14820 rcvd=2181344
10:02:15 10.20.4.31 -> 203.0.113.45:443 jobs.example.com dur=10845s sent=49110 rcvd=52380
```

முதல் வரியில் ஒரு நிமிடத்தில் சுமார் 2 எம்பி வந்திருக்கிறது. பக்கம் திறந்தது அதுதான். இரண்டாவது வரி 3 மணி நேரம் நீடித்திருக்கிறது, ஆனால் அத்தனை நேரத்திலும் வந்தது வெறும் 52 கேபி. கணக்குப் போட்டுப் பாருங்கள், அரை நிமிடத்துக்குச் சுமார் 145 பைட். அந்த அளவில் யாரும் எதையும் படிக்க முடியாது, ஒரு சின்னப் படம்கூட இறங்காது. நோட்டிபிகேஷனுக்காகத் தளம் திறந்து வைத்திருக்கும் இணைப்பு அது, "இருக்கிறாயா, இருக்கிறேன்" என்று இரண்டு பக்கமும் மாறிமாறிச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கான டேட்டா. டேப்பை மூடாமல் விட்டிருக்கிறார், மதியம் சாப்பாட்டுக்குப் போகும்போது லேப்டாப் மூடியதும் இணைப்பு அறுந்திருக்கிறது.

"சரி, ரெஸ்யூம் அப்லோடு பண்ணினாரா, அதைச் சொல்லுங்க" என்று அடுத்த கேள்வி வந்தது. உள்ளே இருப்பதை எங்களால் பார்க்க முடியாது மேடம் என்றேன். ஆனால் sent என்ற எண்ணைப் பார்த்தால் பக்கம் திறந்தபோது இவர் பக்கத்திலிருந்து போனது 15 கேபிகூட இல்லை. ஒரு பிடிஎஃப் ஏற்றியிருந்தால் அது சட்டென்று எகிறியிருக்கும். இரண்டாவது வரியிலும் போனதும் வந்ததும் கிட்டத்தட்ட சமம். கோப்பு ஏறினால் அப்படி இருக்காது. ஒரு எழுத்தைக்கூடப் பார்க்காமல் இவ்வளவு ஊகிக்க முடிகிறது. அதே எண்களைத் தெரியாதவர் படித்தால், இல்லாத 3 மணி நேரத்தையும் உண்டாக்கிவிடலாம். இதை ஒரு பக்கத்தில் எழுதி, கணக்கோடு கொடுத்தேன். புகாரைக் கைவிட்டார்கள். அந்த வருட ரேட்டிங்கில் மட்டும் அவருக்குக் குறைத்துத்தான் போட்டார்கள். அதற்குக் காரணம் இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 90 நாள் நோட்டீஸ் என்று கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கம்பெனி நம்மை அனுப்ப வேண்டும் என்றால் ஒரே மதியத்தில் மீட்டிங் போட்டு ஐடி கார்டை வாங்கிவிடுகிறார்கள். புது இடத்திலோ 30 நாளில் சேர முடியுமா என்கிறார்கள். இப்படி இருக்கும்போது ஒருவர் முன்கூட்டியே வேலை தேடாமல் என்ன செய்வார்? அதைத் துரோகம் மாதிரி விசாரிப்பது எனக்கு இன்றுவரை ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

"லாக் வைப்பது கம்பெனியின் உரிமை, நீ திருட்டு வேலைக்கு வழி சொல்கிறாய்" என்று யாராவது வருவார்கள். லாக் வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன், வைரஸ் வந்தால் எந்த மெஷினிலிருந்து பரவியது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். அதைத் தப்பாகப் படித்து ஒருவரின் பிழைப்பில் கை வைக்கக்கூடாது என்பதுதான் என் வாதம்.

விபிஎன் போட்டால் போதுமே என்பீர்கள். போட்டால் தளங்களின் பெயர் மறையும், விபிஎன் சர்வரின் ஒரே முகவரி மட்டும் தெரியும். ஆனால் நீங்கள் விபிஎன் போட்டது தெரியும், எத்தனை மணிக்கு என்பதும் தெரியும். 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் பரீட்சையைத் தள்ளிப்போட, விபிஎன் மாதிரியே முகவரியை மறைக்கும் டோர் என்ற வலையமைப்பு வழியாகப் பொய்யான வெடிகுண்டு மிரட்டல் மெயில் அனுப்பினார். மெயில் டோரிலிருந்து வந்தது என்பது மட்டும் தெரிந்தது. மெயில் வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையில் டோரைத் தொட்டது யார் என்று லாக்கைப் பார்த்தார்கள், அவர் மாட்டினார். எஃப்பிஐ விசாரித்ததும் ஒப்புக்கொண்டார். யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை, நேரத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். அவர் செய்தது குற்றம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இதுவரை சொன்னது உங்கள் சொந்த போனுக்கும், கம்பெனி தன் சான்றிதழை நிறுவாத லேப்டாப்புக்கும். கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் கதையே வேறாக இருக்கலாம். கம்பெனியின் சான்றிதழை அதில் முன்பே நிறுவியிருந்தால், நடுவில் இருக்கும் ப்ராக்ஸி உங்கள் இணைப்பைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி பூட்டி அனுப்பும், பிரவுசரில் எதுவும் மாறித் தெரியாது. தளத்தின் முகவரிக்கு முன்னால் இருக்கும் சின்னப் படத்தைத் தட்டி, சான்றிதழில் Issued By என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே உங்கள் கம்பெனியின் பெயரோ ஃபயர்வால் தயாரிப்பின் பெயரோ இருந்தால் உள்ளே உள்ளதையும் அவர்களால் பார்க்க முடியும். ஒரு தளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வங்கித் தளங்களை இதிலிருந்து பல இடங்களில் விலக்கி வைத்திருப்பார்கள். வைஃபையில் சேரும்போது சொந்த போனிலும் ஏதாவது சான்றிதழை நிறுவச் சொல்லியிருந்தால் இதே சோதனையைப் போனிலும் செய்யுங்கள்.

வேலை தேடுவதை சொந்த போனில், சொந்த டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கம்பெனி பார்த்த அதே விவரம் மொபைல் நிறுவனத்துக்குத் தெரியும், அவ்வளவே. 2021 டிசம்பரில் இந்தியாவில் உரிம விதியை மாற்றி, யாருக்கு எந்த ஐபி முகவரி எப்போது கொடுக்கப்பட்டது என்பது போன்ற பதிவுகளைக் குறைந்தது 2 வருடம் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் மேனேஜர் கேட்டால் அதைக் கொடுக்க மாட்டார்கள்.